இட்லி மாவில் எத்தனை பாக்டீரியா? தொடர் நீர்த்தல், தட்டில் வளர்த்தல், சிஎஃப்யு கணக்கு: முழுமையான வழிகாட்டி

இரவு முழுக்கப் புளித்த இட்லி மாவு ஒரு கிராமில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பத்துக் கோடிக் கணக்கில் இருக்கும். அவற்றை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. எண்ணினாலும் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துப்போனது என்று தெரியாது. அதனால் மாவைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போய், கையால் எண்ணக்கூடிய அளவுக்கு வந்ததும் அகரில் வளரவிட்டு, தெரியும் காலனிகளை எண்ணி, நீர்த்த மடங்கால் பெருக்கித் திரும்பி வருகிறோம். யோசனை அவ்வளவுதான். ஆனால் கடைசியில் பத்து லட்சத்தாலோ ஒரு கோடியாலோ பெருக்கப் போகிறோம் என்பதால், வழியில் செய்த சின்னப் பிழையும் அதே அளவுக்குப் பெருகும். இந்த வழிகாட்டியில் புளித்த இட்லி மாவை மட்டும் எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை போகிறேன். பால், தயிர், மண், உயிர் உரம் எதுவானாலும் முறை இதுதான். ஊடகமும் வெப்பநிலையும்தான் மாறும்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் எண்ணுவது பாக்டீரியாவை அல்ல, காலனியை. இட்லி மாவைப் புளிக்க வைப்பதில் முக்கியமான லியூக்கோநாஸ்டாக் மீசென்டிராய்டிஸ் தனித்தனியாக இருப்பதில்லை. இரண்டிரண்டாகவும் சங்கிலியாகவும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆறு செல் கொண்ட ஒரு சங்கிலி அகரில் விழுந்தால் அங்கே ஒரு காலனிதான் வரும். அதனால்தான் விடையைச் செல் எண்ணிக்கை என்று எழுதாமல் காலனி உருவாக்கும் அலகு, சுருக்கமாக சிஎஃப்யு, என்று எழுதுகிறோம். உண்மையான செல் எண்ணிக்கை இதைவிடக் கூடவே இருக்கும்.

## எந்த நீர்ப்பைத் தட்டில் போடுவது?

பலர் 10⁻¹ முதல் 10⁻⁸ வரை எல்லாவற்றையும் தட்டில் போட்டுவிட்டு, எது எண்ணும்படி வருகிறது என்று பார்ப்பார்கள். அகரும் நேரமும் வீண். முதலில் பேப்பரில் திரும்பிக் கணக்குப் போடுங்கள்.

நன்றாகப் புளித்த மாவில் ஒரு கிராமுக்கு 10⁸ முதல் 10⁹ வரை எதிர்பார்க்கலாம். 10⁻⁶ குழாயிலிருந்து 1 மி.லி. போட்டால் தட்டில் 100 முதல் 1000 காலனி வரும். 10⁻⁷ போட்டால் 10 முதல் 100. ஆக 10⁻⁵, 10⁻⁶, 10⁻⁷ ஆகிய மூன்றையும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு வீதம் போட்டால் போதும். அரைத்தவுடன் எடுத்த மாவென்றால் எண்ணிக்கை பல மடங்கு குறைவாக இருக்கும். அதற்கு இரண்டு படி கீழே இறங்குங்கள். எவ்வளவு இருக்கும் என்று சுத்தமாகத் தெரியாத மாதிரி என்றால் மட்டும் நான்கைந்து நீர்ப்புகளைத் தட்டுக்கு ஒன்றாகப் போட்டு ஒரு முன்னோட்டம் பார்த்துவிட்டு, மறுமுறை சரியான மூன்றை எடுங்கள்.

## தேவையானவை

நீர்க்கும் திரவமாக வெறும் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தாதீர்கள். உப்பில்லாத நீரில் செல்லுக்குள் நீர் புகுந்து அது பலவீனமாகும். சில நிமிடங்களிலேயே எண்ணிக்கை குறையத் தொடங்கும். 0.1 சதவீதம் பெப்டோனும் 0.85 சதவீதம் சோடியம் குளோரைடும் கலந்த கரைசல் நல்லது. லிட்டருக்கு 1 கிராம் பெப்டோன், 8.5 கிராம் உப்பு. இதை ஒரு பாட்டிலில் 90 மி.லி., ஆறு மூடியுள்ள குழாய்களில் 9 மி.லி. வீதம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 9 மி.லி. உண்மையிலேயே 9 மி.லி.யாக இருக்கிறதா என்பதுதான் பலரும் கவனிக்காத இடம். குழாயில் ஊற்றிவிட்டு ஆட்டோகிளேவில் வைத்தால் கொஞ்சம் ஆவியாகும். மூடி தளர்வாக இருந்தால் அரை மி.லி. வரை போய்விடலாம். 8.5 மி.லி.யில் 1 மி.லி. சேர்த்தால் அது பத்து மடங்கு நீர்ப்பு இல்லை, ஒன்பதரை மடங்குதான். ஒரு படியில் 5 சதவீதப் பிழை பெரிதாகத் தெரியாது. ஆனால் ஆறு குழாய் தாண்டி 10⁻⁷க்கு வரும்போது பிழையும் ஆறு முறை பெருகிவிடும். 0.95-ஐ ஆறு முறை பெருக்கினால் 0.735. அதாவது மாவை நாம் நினைத்த அளவுக்கு நீர்க்கவில்லை, விடை உண்மையைவிட 36 சதவீதம் அதிகமாக வரும். காலனி எண்ணியதில் எந்தத் தவறும் இல்லாமலேயே! அதனால் கரைசலைப் பாட்டிலில் மொத்தமாக ஆட்டோகிளேவ் செய்து, ஆறியபின் லேமினார் ஃப்ளோவுக்குள் வைத்து, கிருமிநீக்கம் செய்த குழாய்களில் 9 மி.லி. அளந்து ஊற்றுவதே எனக்குப் பிடித்த வழி. அதற்கு வசதி இல்லையென்றால், ஆட்டோகிளேவ் ஆன குழாய்களில் இரண்டு மூன்றை அளந்து பார்த்து, குறைவதற்கு ஏற்ப முன்கூட்டியே கூடுதலாக ஊற்றுங்கள்.

ஊடகம் எம்ஆர்எஸ் அகர். லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு ஐஎஸ்ஓ 15214 சொல்வது பிஎச் 5.7, 30 டிகிரி செல்சியஸ், 72 மணி நேரம். டப்பாவில் எழுதியிருக்கும் அளவுப்படி கரைத்து, 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். பிறகு பாட்டிலை 45 டிகிரி வாட்டர் பாத்தில் வையுங்கள். கன்னத்தில் தொட்டுப் பார்த்து முடிவு செய்கிற பழக்கம் நம் லேப்களில் பரவலாக உண்டு. அதைவிட, அதே அளவு அகர் ஊற்றிய இன்னொரு பாட்டிலில் தெர்மாமீட்டரை நிறுத்திப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் சந்தேகமே இல்லை. பாட்டிலின் வெளிப்பக்கம் ஆறியிருக்கும்போது நடுவில் 55 டிகிரி இருக்கலாம். அந்தச் சூட்டில் ஊற்றினால் லியூக்கோநாஸ்டாக்கில் ஒரு பகுதி அடிபட்டுவிடும், நமக்குத் தெரியவும் தெரியாது.

தட்டுகளில் மாதிரி, நீர்ப்பு, தேதி மூன்றையும் அடிப்பகுதியில் எழுதுங்கள். மூடியில் எழுதினால், எண்ணும்போது மூடிகள் மாறிப்போக வழி உண்டு.

## 10⁻¹: மாவை எடைபோடுங்கள், அளக்காதீர்கள்

புளித்த மாவில் காற்று நிறைந்திருக்கும். பொங்கி நிற்கும் மாவில் 10 மி.லி. எடுத்தால் அது 10 கிராம் இருக்காது. எவ்வளவு பொங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எடை வரும். அதனால் தராசில் வைத்து 10 கிராம் எடுக்க வேண்டும். எடுக்குமுன் கிருமிநீக்கம் செய்த கரண்டியால் அடிவரை கலக்கிவிடுங்கள். மேலே நுரைத்த பகுதியும் அடியில் தங்கிய பகுதியும் ஒன்றல்ல.

இந்த 10 கிராமை 90 மி.லி. கரைசலில் போட்டால் அது 10⁻¹. ஸ்டொமாக்கர் இருந்தால் பையில் போட்டு ஒன்றிரண்டு நிமிடம் அடிக்கவிடுங்கள். இல்லையென்றால், கிருமிநீக்கம் செய்த கண்ணாடி மணிகள் சில போட்ட பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, ஓர் அடி நீளத்துக்கு மேலும் கீழுமாக 25 முறை, சுமார் 7 விநாடிக்குள் வேகமாகக் குலுக்குங்கள். இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். இங்கே பிரியாத கட்டிகள் பின்னால் எந்தக் குழாயில் பிரிந்தாலும், கணக்கு அங்கேயே கலைந்துவிடும்.

குலுக்கி வைத்ததும் மாவுத் துகள் அடியில் உட்காரத் தொடங்கும். பாக்டீரியா துகளோடும் ஒட்டியிருக்கும், திரவத்திலும் மிதக்கும். எனவே குலுக்கியவுடனேயே, திரவத்தின் நடுவிலிருந்து 1 மி.லி. எடுத்துவிட வேண்டும். சாதாரண பிப்பெட் நுனி அடைத்துக்கொள்ளும். முனையைக் கொஞ்சம் வெட்டி ஆட்டோகிளேவ் செய்த டிப் வைத்துக்கொண்டால் இந்த முதல் எடுப்பு சரியாக வரும். அடுத்த குழாயிலிருந்து சாதாரண டிப் போதும்.

## குழாயிலிருந்து குழாய்க்கு

முதல் 9 மி.லி. குழாயில் 10⁻¹ பாட்டிலிலிருந்து 1 மி.லி. விடுங்கள். அது 10⁻². மூடி, வோர்டெக்ஸில் 5 முதல் 10 விநாடி சுழற்றுங்கள். திரவம் குழாயின் பாதிவரை சுழன்று ஏற வேண்டும். புது டிப் எடுத்து, அதிலிருந்து 1 மி.லி. அடுத்த குழாய்க்கு. அது 10⁻³. இப்படியே 10⁻⁷ வரை.

ஒவ்வொரு படிக்கும் புது டிப் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பழைய டிப்பின் உள்சுவரிலும் வெளிச்சுவரிலும் ஒட்டியிருப்பது பத்து மடங்கு அடர்ந்த திரவம். வெளியே ஒட்டிய 0.1 மி.லி. அடுத்த குழாய்க்குள் போனாலும் அது 10 சதவீதக் கூடுதல். புது டிப்பாக இருந்தாலும் திரவத்தில் ஆழமாக முக்காதீர்கள். மேற்பரப்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே போதும். எடுத்தபின் குழாயின் உள்விளிம்பில் டிப்பைத் தொட்டு வெளித்துளியை விட்டுவிடுங்கள். வெளியே விடும்போது பிஸ்டனை இரண்டாம் நிறுத்தம்வரை அழுத்துங்கள். சோம்பலாக முதல் நிறுத்தத்தோடு விட்டால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் குறையும், அதுவும் பெருகிக்கொண்டே போகும்.

நேரத்தையும் பாருங்கள். 10⁻¹ தயாரானதிலிருந்து கடைசித் தட்டில் அகர் ஊற்றும்வரை 45 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பெப்டோன் செல்லைக் காக்கும், ஆனால் அது உணவும்கூட. நெடுநேரம் விட்டால் சில செல்கள் பெருகும், சில சாகும். இரண்டுமே நமக்கு வேண்டாம். நான் பரிந்துரைப்பது 20 நிமிடத்துக்குள் முடிப்பது. தட்டுகளையும் குழாய்களையும் எழுதி வரிசையாக வைத்துவிட்டுத் தொடங்கினால் அது சாத்தியம்தான்.

## தட்டில் ஊற்றுதல்

இங்கே நான் சொல்வது ஊற்றுத் தட்டு முறை. 10⁻⁷ குழாயிலிருந்து தொடங்கி 10⁻⁵ நோக்கி வாருங்கள். நீர்த்ததிலிருந்து அடர்ந்ததற்கு வருவதால் ஒரே டிப் போதும். ஒவ்வொரு குழாயையும் எடுக்குமுன் மறுபடி சுழற்ற வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் 1 மி.லி. விட்டு, உடனே 45 டிகிரி அகர் 15 முதல் 20 மி.லி. ஊற்றி, மேசையிலிருந்து தூக்காமல் எட்டு வடிவில் மெதுவாக ஆட்டுங்கள். மூடியில் தெறித்தால் அந்தத் தட்டை ஒதுக்கிவிடலாம். தெறித்ததில் எத்தனை காலனி போயிற்று என்று தெரியாது.

இறுகியதும் மேலே 4 அல்லது 5 மி.லி. அகரை மெல்லிய படலமாக ஊற்றுங்கள். லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் குறைந்தால் நன்றாக வளரும், காலனிகளும் மேற்பரப்பில் பரவாமல் கட்டுப்பாடாக இருக்கும். படலமும் இறுகியபின் தட்டைத் தலைகீழாகத் திருப்பி, 30 டிகிரி இன்குபேட்டரில் 72 மணி நேரம். நேராக வைத்தால் மூடியில் படியும் நீர் சொட்டி, காலனிகளை இழுத்துப் பரப்பிவிடும். ஆறு தட்டுக்கு மேல் அடுக்காதீர்கள். நடுவில் இருப்பவை சூடேற நேரமாகும்.

கூடவே மூன்று சாட்சித் தட்டுகள் வேண்டும். ஒன்றில் அகர் மட்டும். இன்னொன்றில் 1 மி.லி. வெறும் கரைசலும் அகரும். மூன்றாவது, அகர் ஊற்றி, வேலை நடக்கும் நேரம் முழுக்கத் திறந்து வைத்த தட்டு. முதல் இரண்டில் காலனி வந்தால் அன்றைய முடிவை நம்ப வேண்டாம். மூன்றாவதில் வந்தால், எங்கிருந்து வந்தது என்று காற்றோட்டத்தைப் பாருங்கள்.

பரப்புத் தட்டு முறையில் முன்பே இறுகி உலர்ந்த அகர் மேல் 0.1 மி.லி. விட்டு, வளைந்த கண்ணாடிக் கோலால் பரப்புவார்கள். சூட்டால் செல் அடிபடாது, காலனியின் வடிவமும் நிறமும் தெளிவாகத் தெரியும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 10⁻⁶ குழாயிலிருந்து 0.1 மி.லி. போட்ட தட்டில் இருப்பது 10⁻⁷ அளவுதான். இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் விடை பத்து மடங்கு குறையும். மாணவர் நோட்டுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

## எண்ணுதல்

72 மணி நேரம் கழித்துத் தட்டைத் தலைகீழாகவே வைத்து, பின்பக்கத்தில் மார்க்கரால் ஒவ்வொரு காலனியாகப் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணுங்கள். காலனி கவுன்டரின் கீழ்விளக்கு இருந்தால் நல்லது, இல்லையென்றால் கருப்புத் தாள் மேல் வைத்து, கைலென்ஸ் ஒன்றோடு பாருங்கள். அகருக்குள் புதைந்து வளர்ந்த காலனிகள் வில்லை வடிவில், ஓரம் மழமழவென்று, குண்டூசித் தலை அளவில் இருக்கும். அடித்தகட்டுக்கும் அகருக்கும் இடையில் சிக்கியது மெலிதாகப் பரவியிருக்கும். அதுவும் ஒன்றுதான், விட்டுவிடாதீர்கள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஆனால் தனித்தனி மையம் தெரிகிற இரண்டை இரண்டாக எண்ணுங்கள்.

குறைந்த நீர்ப்பைத் தட்டில் போட்டவர்களுக்கு இட்லி மாவு ஒரு சிக்கலைத் தரும். அரிசி, உளுந்துத் துகள்கள் அகருக்குள் வெள்ளையாகச் சிதறி, சின்னக் காலனி போலவே தெரியும். துகளுக்கு ஓரம் ஒழுங்காக இருக்காது, அளவும் ஒன்றுபோல் இருக்காது. சந்தேகமென்றால், அதே நீர்ப்பில் இன்னொரு தட்டு ஊற்றி இன்குபேட்டருக்குப் பதில் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஃபிரிட்ஜில் இருந்ததில் தெரிவது வெறும் துகள்தான் என்று புரிந்துவிடும். 10⁻⁵க்கு மேல் போய்விட்டால் துகள் தொந்தரவு இருக்காது.

## எண்ணக்கூடிய வரம்பு ஏன் 30 முதல் 300?

நம் கல்லூரிகளில் 30 முதல் 300 என்று கற்றுக்கொடுப்பார்கள். அமெரிக்க உணவு ஆய்வு முறைகளில் 25 முதல் 250. ஐஎஸ்ஓ முறையில் 10 முதல் 300. எது சரி என்ற சண்டைக்குப் போகுமுன், இரண்டு எல்லைகளும் வேறு வேறு காரணத்தால் வந்தவை என்று தெரிந்துகொள்வது நல்லது. இந்தக் கேள்வி புதிதல்ல. 1916-இலேயே ப்ரீடும் டாட்டரரும் பால் மாதிரிகளின் தட்டுகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள்.

கீழ் எல்லை தற்செயல் சார்ந்தது. நன்றாகக் கலக்கிய குழாயிலிருந்து 1 மி.லி. எடுத்தாலும், அதில் எத்தனை செல் வரும் என்பது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். இந்த மாற்றம் பாய்சான் பரவலைப் பின்பற்றும். அதன்படி எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் வழக்கமான விலகல். 100 காலனி வந்தால் விலகல் 10, அதாவது 10 சதவீதம். 30 வந்தால் ஐந்தரை, 18 சதவீதம். 10 வந்தால் மூன்றுக்குச் சற்று மேல், 32 சதவீதம். 4 வந்தால் 2, பாதிக்குப் பாதி. 4 காலனியை ஒரு கோடியால் பெருக்கி நான்கு கோடி என்று எழுதும்போது, அது இரண்டு கோடியாகவோ ஆறு கோடியாகவோகூட இருக்கலாம் என்பது மறைந்துபோகிறது.

மேல் எல்லை உயிரியல் சார்ந்தது. காலனி நெருங்க நெருங்க ஒன்றோடொன்று சேர்ந்து, இரண்டு ஒன்றாகத் தெரியும். லாக்டிக் அமில பாக்டீரியாவில் இன்னொன்றும் உண்டு. முந்தி வளர்ந்த காலனி விடும் அமிலம் பக்கத்தில் பிந்தி முளைப்பதை அடக்கும், அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவில் நிறுத்திவிடும். அதனால் 500 வர வேண்டிய தட்டில் 380 மட்டுமே தெரியலாம். இந்தப் பிழை எப்போதும் குறைத்தே காட்டும், தட்டுகளைக் கூட்டினாலும் போகாது. கீழ் எல்லைப் பிழை தட்டுகளைக் கூட்டினால் குறையும். ஐஎஸ்ஓ 10 வரை இறங்குவதற்கு இடம் இருக்கிறது என்றால், அது அடுத்தடுத்த இரண்டு நீர்ப்புகளின் காலனிகளையும் சேர்த்தே கணக்கிடுவதால்தான். ஒற்றைத் தட்டை மட்டும் நம்பி முடிவு எழுதப் போகிறீர்கள் என்றால் 30க்குக் கீழே போகாதீர்கள்.

## கணக்கு: ஒரு மாதிரி

நம் மாவில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம். 10⁻⁵ தட்டுகள் இரண்டிலும் எண்ண முடியாத நெரிசல். 10⁻⁶ தட்டுகளில் 168, 191. 10⁻⁷ தட்டுகளில் 24, 15. எல்லாவற்றிலும் போட்டது 1 மி.லி.

ஐஎஸ்ஓவின் 10 முதல் 300 விதியை எடுத்துக்கொண்டால், 10⁻⁶, 10⁻⁷ தட்டுகள் நான்குமே கணக்கில் வரும். சூத்திரம் இது:

```
N = ΣC / [ V × (n1 + 0.1 × n2) × d ]
```

ΣC என்பது எடுத்துக்கொண்ட எல்லாத் தட்டுகளின் காலனிகளின் கூட்டுத்தொகை. V தட்டில் போட்ட அளவு, மி.லி.யில். d என்பது எண்ணிய நீர்ப்புகளில் முதலாவது, அதாவது குறைவாக நீர்த்தது. n1 அந்த நீர்ப்பில் எண்ணிய தட்டுகள், n2 அதற்கு அடுத்த நீர்ப்பில் எண்ணிய தட்டுகள்.

```
ΣC = 168 + 191 + 24 + 15 = 398
N  = 398 / [ 1 × (2 + 0.1 × 2) × 10^-6 ]
   = 398 / (2.2 × 10^-6)
   = 180.9 × 10^6
   = 1.8 × 10^8 CFU/g
```

அந்த 0.1 எதற்கு என்று பலருக்கும் புரியாது. 10⁻⁷ தட்டில் இருக்கும் மாவு 10⁻⁶ தட்டில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். நான்கு தட்டிலும் சேர்த்து நாம் உண்மையில் பார்த்த மாவு எவ்வளவு? 10⁻⁶ தட்டு இரண்டு, கூடவே 0.2 தட்டுக்குச் சமமான அளவு. மொத்தம் 2.2 மைக்ரோகிராம் மாவு. அதில் 398 காலனி. ஒரு கிராமுக்கு எத்தனை என்றுதான் சூத்திரம் கேட்கிறது. இப்படிப் பார்த்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, 0.1 மி.லி. போட்டாலும் தடுமாற்றம் வராது.

ஒவ்வொரு நீர்ப்புக்கும் தனியே விடை கண்டு அவற்றின் சராசரியை எடுப்பவர்களும் உண்டு. இங்கே 10⁻⁶ தருவது 1.795 × 10⁸, 10⁻⁷ தருவது 1.95 × 10⁸. சராசரி 1.87 × 10⁸. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் முறை தவறு. 39 காலனி கொடுத்த தகவலுக்கும் 359 காலனி கொடுத்த தகவலுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்துவிடுகிறோம். 25 முதல் 250 விதியைப் பின்பற்றினால் 24, 15 இரண்டும் வெளியே போகும். 359-ஐ இரண்டால் வகுத்தால் மறுபடி 1.8 × 10⁸. எந்த விதி என்பதை முன்பே முடிவு செய்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள். தட்டுகளைப் பார்த்தபின் விதியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

விடையில் இரண்டு இலக்கம் போதும். 180,909,091 என்று கால்குலேட்டர் காட்டுவதை அப்படியே எழுதினால், நம்மிடம் இல்லாத துல்லியத்தை இருப்பதாகச் சொல்வதாகும். 398-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 20, அதாவது 5 சதவீதம். 95 சதவீத நம்பிக்கை எல்லைக்கு அதை இரட்டித்தால் 10 சதவீதம். ஆக 1.6 முதல் 2.0 × 10⁸ வரை எங்கோ இருக்கலாம். இதுவும் தற்செயல் பிழை மட்டும்தான். பிப்பெட், எடை, கலக்கல் ஆகியவற்றின் பிழையும் சேர்ந்தால் இன்னும் விரியும்.

வரம்புக்குள் எந்தத் தட்டுமே வராவிட்டால் மறுபடி செய்வதுதான் நல்லது. முடியாதென்றால் உள்ளதை மதிப்பீடு என்று குறிப்பிட்டு எழுதுங்கள். 10⁻¹ தட்டில்கூட ஒரு காலனியும் இல்லையென்றால் விடை பூஜ்யம் அல்ல. நாம் பார்த்தது 0.1 கிராம் மட்டுமே என்பதால், கிராமுக்கு 10-ஐவிடக் குறைவு என்று எழுத வேண்டும்.

## எண்கள் ஒத்துவராதபோது

கணக்குப் போடுமுன் ஒன்றைப் பாருங்கள். அடுத்தடுத்த நீர்ப்புகளின் எண்ணிக்கை பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கிறதா? நம் மாதிரியில் 359-க்கு 36 வர வேண்டும், வந்தது 39. தற்செயலாக 24 முதல் 48 வரை மாறலாம் என்பதால் இது நன்றாகவே பொருந்துகிறது. வேலை ஒழுங்காக நடந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. காரணம், இது கைக்குள்ளேயே இருக்கிறது.

10⁻⁷ தட்டுகளில் 39-க்குப் பதில் 99 வந்திருந்தால்? அடர்ந்த திரவம் டிப்பின் வெளியே ஒட்டிப் போயிருக்கலாம், டிப் மாற்ற மறந்திருக்கலாம், அல்லது 10⁻⁶ குழாயில் பிரியாதிருந்த சங்கிலிகள் கடைசி வோர்டெக்ஸில் பிரிந்திருக்கலாம். கடைசிக் காரணமென்றால் 10⁻¹-ஐக் குலுக்கியதில்தான் குறை. மறுமுறை அங்கே நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். 10⁻⁶ தட்டுகளில் 280, 290 என்று மேல் எல்லையைத் தொட்டு நிற்கும்போது 10⁻⁷ கூடுதலாக வந்தால், நெரிசலே காரணமாக இருக்கக்கூடும். அப்போது 10⁻⁷-இன் விடைதான் உண்மைக்கு அருகில்.

மாறாக 5 மட்டும் வந்திருந்தால், குழாயைச் சுழற்றாமல் மேலிருந்து எடுத்தது, 1 மி.லி. முழுதாக விடாதது, கடைசிக் குழாய் நெடுநேரம் காத்திருந்தது, இல்லை அந்த வரிசைத் தட்டுகளுக்கு அகர் சூடாக ஊற்றப்பட்டது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே நீர்ப்பின் இரண்டு தட்டுகளுக்குள் பெரிய வித்தியாசம் இருந்தால், குற்றம் பெரும்பாலும் குழாயில் இல்லை, அந்தத் தட்டில் விட்ட அளவிலோ அகர் கலந்ததிலோதான். காலனிகள் தட்டின் ஒரு பக்கம் குவிந்திருந்தால், எட்டு வடிவ ஆட்டல் போதவில்லை என்று பொருள்.

## எண்ணியது எல்லாம் லாக்டிக் அமில பாக்டீரியாதானா?

இட்லி மாவில் ஈஸ்ட்டும் உண்டு, எம்ஆர்எஸ் அகரில் அதுவும் வளரும். எண்ணி முடித்தபின், வெவ்வேறு தோற்றம் கொண்ட காலனிகளாகப் பார்த்து ஐந்தாறை எடுங்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, பிளாஸ்டிக் லூப்பால் காலனியை அதில் தேயுங்கள். லாக்டிக் அமில பாக்டீரியாவுக்குக் கேட்டலேஸ் கிடையாது, குமிழி வராது. ஈஸ்ட் என்றால் நுரைக்கும். கிராம் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இன்னும் உறுதி. லியூக்கோநாஸ்டாக் ஊதா நிறத்தில் சின்ன உருண்டைகளாக, ஜோடி சேர்ந்து தெரியும். ஈஸ்ட் அதைவிடப் பல மடங்கு பெரிது, மொட்டு விட்டிருப்பதும் தெரியும். நுரைத்தவை கணிசமாக இருந்தால், அந்தத் தோற்றம் கொண்ட காலனிகளைத் தனியே எண்ணிக் கழித்துவிட்டு, கழித்ததையும் குறிப்பில் எழுதுங்கள்.

முடிவை எழுதும்போது எண்ணை மட்டும் எழுதாதீர்கள். "புளித்த இட்லி மாவு, மீசோஃபிலிக் லாக்டிக் அமில பாக்டீரியா, எம்ஆர்எஸ் அகர் பிஎச் 5.7, ஊற்றுத் தட்டு, 30 டிகிரி, 72 மணி: 1.8 × 10⁸ சிஎஃப்யு/கிராம்" என்று இருக்க வேண்டும். 37 டிகிரியில் வைத்திருந்தால் வேறு எண் வந்திருக்கும், அதுவும் தவறாக இருக்காது. தட்டுகளில் கோடிக்கணக்கில் பெருகி நிற்பது என்னென்ன என்று முழுதாகத் தெரியாது என்பதால், உண்ணும் மாவிலிருந்து வந்ததுதானே என்று அப்படியே குப்பையில் போட வேண்டாம். 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே தட்டுகளும் குழாய்களும் லேபை விட்டு வெளியே போக வேண்டும்.